112 ரூபாய்க்குக் கொட்டை வாங்கியும் அடக்கம் ஏன் ஏறியது? (முந்திரி ஆலை, ஸ்டாண்டர்ட் கணக்கு)

பண்ருட்டி_கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன முந்திரி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். போன வருஷம் ஒரு ஆடிட்டர் வந்து எங்களுக்கு ஸ்டாண்டர்ட் போட்டுக் கொடுத்தார். ஒரு கிலோ பருப்புக்கு 4 கிலோ கொட்டை, கொட்டை கிலோ 120 ரூபாய், ஆக ஒரு கிலோ பருப்புக்குக் கொட்டை அடக்கம் 480. இவ்வளவுதான், சுலபமாகத்தான் இருந்தது.

போன மாதம் 5,000 கிலோ பருப்பு எடுத்தோம். ஸ்டாண்டர்ட் படி 20,000 கிலோ கொட்டை போதும். போனது 21,500. வாங்கிய விலை 112. முதலாளி தானே போய்ப் பேரம் பேசி வாங்கிய லோடு. என் கணக்கில் விலையில் 1,72,000 சாதகம், உபயோகத்தில் 1,80,000 பாதகம். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் முதலாளி, உடைக்கிற இடத்தில் பருப்பை ஓட்டோடு வீசுகிறார்கள், இல்லையென்றால் யாரோ எடுத்துப் போகிறார்கள், இந்த மாதம் ஊக்கத்தொகையை நிறுத்து, சூப்பர்வைசரையும் மாற்று என்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் பாதிக்கு மேல் பெண்கள், பல பேர் எங்கள் ஊர்தான். நான் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் இது நடக்கப்போகிறது என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1,80,000-ஐ உடைக்கிற ஆட்கள் மேல் வைப்பது சரியா?

சிதம்பரம்_இண்டர்

அக்கா, 1,72,000 கழித்தால் பாதகம் வெறும் 8,000 ரூபாய். 24 லட்சத்தில் 8,000 என்பது அரை சதவீதம்கூட இல்லை. இதற்கெல்லாம் விசாரணை தேவையே இல்லை, எல்லைக்குள் இருக்கிறது என்று எழுதி மூடிவிடலாம். இன்னொன்று, உபயோகத்தை ஏன் 120-ல் பெருக்குகிறீர்கள்? நீங்கள் உண்மையில் கொடுத்தது 112. 1,500 கிலோவை 112-ஆல் பெருக்கினால் 1,68,000-தான் வரும். கடைசிப் பரீட்சையில் இதே மாதிரிதான் ஒரு கணக்கு வந்தது.

செலவுக்கணக்கு_புதுவை

தம்பி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நிகரம் 8,000 என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் 1,72,000 ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் 1,80,000 இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் வீடு அமைதியாக இருக்கிற மாதிரித் தெரிகிறது. இந்த நிகரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு விலையையும் உபயோகத்தையும் பிரித்ததே வீண்வேலை.

120-ல் பெருக்குவதுதான் சரி. காரணம் ரொம்பச் சாதாரணம். உடைக்கிற ஆட்கள் இந்த மாதம் 1,500 கிலோ அதிகம் செலவழித்தார்கள், அடுத்த மாதமும் அதே 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒரு மாதம் 112-க்கும் இன்னொரு மாதம் 126-க்கும் வாங்கினால், அதே வேலைக்கு அவர்கள் கணக்கில் இரண்டு வேறு எண்கள் வரும். விலை அவர்கள் கையில் இல்லையே. அதனால்தான் கிலோ வித்தியாசத்தை நிலையான விலையில் பெருக்கி, விலை வித்தியாசத்தை உண்மையில் போன கிலோவில் பெருக்குகிறோம். அந்த 1,500 கிலோ மேல் கிடைத்த 8 ரூபாய், 12,000 ரூபாய், விலைப் பக்கம் போய்ச் சேரும். அதை யார் தலையில் வைப்பது என்று கேட்டால் பதில் கிடையாது, ஓர் இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்தப் பெண்ணுக்கு. அம்மா, ஆட்களைப் பற்றிப் பேசும் முன் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். 120 என்பது ஆலை வாசலில் இறக்கிய விலையா? 112-ம் அதே மாதிரி விலையா? 21,500 என்பது எங்கே போட்ட எடை, எடைமேடையிலா, வேகவைக்கும் இடத்திலா? மாதம் பிறந்தபோதும் முடிந்தபோதும் பருப்பை உலர்த்தும் போர்மாவிலும் தோல் உரிக்கும் மேசையிலும் எவ்வளவு சரக்கு நின்றது?

தட்டாஞ்சாவடி_மோல்டிங்

எங்களுக்கும் இதே திருட்டுப் பிரச்சினைதான் சார். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் மூடி அடிக்கிறோம், பிபி பிளாஸ்டிக் குருணை. மாதம் முழுக்க ஸ்டாண்டர்டை விட 3 சதவீதம் குருணை அதிகம் போனது. ராத்திரி ஷிப்ட்டில் மூட்டை போகிறது என்று கேமரா வைத்தோம், நாற்பதாயிரம் செலவு. கடைசியில் பார்த்தால் ஒரு மூடி 18 கிராம் இருக்க வேண்டியது 18.6 கிராம் வருகிறது. அச்சு தேய்ந்து சுவர் தடித்துவிட்டது. மூடியை எடை போட ஒரு சின்னத் தராசு போதும், அதை யாரும் யோசிக்கவில்லை. ஆனாலும் கேமரா வைத்துவிடுங்கள், பின்னால் உதவும்.

கொட்டை_மண்டி

இருபத்தைந்து வருஷமாகக் கொட்டை வாங்கி விற்கிறேன், கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊர்ச் சந்தையில் 120 ஓடும்போது 112-க்கு எவன் கொடுப்பான், ஏன் கொடுப்பான்? ஒன்று ஈரம். இல்லையென்றால் அவுட்டர்ன், அதாவது கொட்டைக்குள் இருக்கிற பருப்பு, குறைவு, பொறுக்குக் கொட்டை, சின்னதும் பெரியதும் கலந்தது. அந்த லோடை வெட்டிப் பார்த்தார்களா? வெட்டிப் பார்க்காமல் லாரியை இறக்கியிருந்தால் ஆட்களைச் சொல்வதற்கு முன் வாசலில் நின்றவரைச் சொல்லுங்கள்.

பண்ருட்டி_கணக்கு

நன்றி ஐயா. மண்டி அண்ணனுக்கும் நன்றி, நீங்கள் சொன்ன கடைசி வரியை நான் முதலாளியிடம் படித்துக் காட்ட முடியாது!

கேட்டதற்கு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடிட்டர் போட்ட 120 ஆலை வாசலில் இறக்கிய விலை என்று அவருடைய குறிப்பில் இருக்கிறது. நான் எடுத்த 112 வெறும் பில் விலை. லாரி வாடகையும் இறக்குகூலியும் தனி வவுச்சரில் போயிருக்கின்றன, சேர்த்தால் கிலோவுக்கு 2 ரூபாய். ஆக உண்மை விலை 114. ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை, அது உள்ளீட்டு வரியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

போர்மாவிலும் மேசையிலும் நின்றது மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் அதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். 21,500 என்பது எடைமேடை எடை. வேகவைக்கும் இடத்தில் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரியும். சூப்பர்வைசர் ஒவ்வொரு நாளும் கொதிகலனுக்கு ஏற்றிய கொட்டையின் எடையை எழுதுகிறார், யாரும் கேட்காமலேயே. மாதம் முழுக்கக் கூட்டினால் 20,425 கிலோ. நடுவில் 1,075 கிலோ எங்கே போனது?

செலவுக்கணக்கு_புதுவை

அந்தச் சூப்பர்வைசரை மாற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அந்த நோட்டு இல்லையென்றால் இந்த இழை இங்கேயே நின்றிருக்கும்.

முதலில் விலையைத் திருத்துவோம். 6 ரூபாய் மட்டும்தான் சாதகம், 21,500 கிலோவில் 1,29,000. உபயோகம் 1,80,000 அப்படியே. நிகரப் பாதகம் 8,000 அல்ல, 51,000. லாரி வாடகை வேறு கணக்கில் உட்கார்ந்திருந்ததால் 43,000 மறைந்திருந்தது. சிதம்பரம் தம்பி கவனிக்கவும், அரை சதவீதம் என்று மூடியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

நீங்கள் எக்செல் வைத்திருப்பதால் இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள். 2-ம் வரி ஸ்டாண்டர்ட், 3-ம் வரி உண்மை. B-யில் கிலோ, C-யில் விலை. முதல் சூத்திரம் விலை, அடுத்தது உபயோகம். கழித்தல் குறி வந்தால் பாதகம்.

```
=(C2-C3)*B3
=(B2-B3)*C2
```

இனி 1,075 கிலோ. கொட்டையைக் களத்தில் காயப்போட்டால் எடை குறையும், அது திருட்டு இல்லை. கேள்வி, எவ்வளவு குறைவது நியாயம் என்று ஸ்டாண்டர்ட் சொல்கிறதா? ஆடிட்டருடைய குறிப்பில் காய்ச்சல் கழிவு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பண்ருட்டி_கணக்கு

இருக்கிறது ஐயா. 4 கிலோ வாங்கினால் களத்தில் காய்ந்து 3.92 கிலோ கொதிகலனுக்குப் போகும், அதாவது 2 சதவீதம் கழிவு. நமக்கு 5 சதவீதம் போயிருக்கிறது. களத்தில் மூன்று நாள் கிடந்தது.

செலவுக்கணக்கு_புதுவை

அப்போது உங்கள் 1,500 கிலோவை இரண்டாக வெட்டலாம்.

கொதிகலனுக்குப் போன 20,425 கிலோவை நியாயமான 2 சதவீதக் கழிவில் பெற வேண்டுமானால் 20,842 கிலோ வாங்கினால் போதும். நீங்கள் வாங்கியது 21,500. இந்த 658 கிலோ எடைமேடைக்கும் கொதிகலனுக்கும் நடுவில் போனது. 120-ல் 78,960 ரூபாய். உடைக்கிறவர்கள் கையில் இந்தக் கொட்டை போகவே இல்லை, இதற்கு அவர்களைக் கேட்பது எப்படி?

மிச்சம் 842 கிலோ. 5,000 கிலோ பருப்புக்கு 20,000 கிலோ வாங்கினால் போதும், ஆனால் 20,842 தேவைப்பட்டிருக்கிறது. 1,01,040 ரூபாய். இது கொதிகலனுக்குப் பிறகு நடந்தது. ஆனால் இதிலும் அவசரப்படக்கூடாது. கொட்டைக்குள் பருப்பே குறைவாக இருந்தால் தங்கக்கையால் உடைத்தாலும் வராது. அதற்கு மண்டி அண்ணன் சொன்ன மாதிரி வெட்டிப் பார்க்க வேண்டும். அந்த லோடில் மூட்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கொட்டை_மண்டி

வெட்டுவது பற்றி நான் சொல்கிறேன். ஒரு கிலோ கொட்டை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டு. நல்ல பருப்பை மேல் தோலோடு நிறுத்து, புள்ளி விழுந்ததில் பாதியைச் சேர்த்துக்கொள், கெட்டதையும் சொத்தையையும் தள்ளு. எத்தனை கிராம் வருகிறதோ அதை 80 கிலோ மூட்டைக்குப் பவுண்டாக மாற்றினால் அதுதான் அவுட்டர்ன். 268 கிராம் வந்தால் 47 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. 260 என்றால் 46-க்குக் கீழே. கிராமை 0.17637-ஆல் பெருக்கு, சரியாக வரும். இந்த எண் மட்டும் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஒன்று, ஈரக் கொட்டையை வெட்டி எடை போட்டால் பருப்புக்குள் இருக்கிற தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு சொல்லும். அதில் ஏமாந்தவன் நான். காய்ந்த கொட்டையை வெட்டு.

சிதம்பரம்_இண்டர்

அப்போ எல்லாம் முதலாளி வாங்கிய கொட்டையின் குற்றம்தான், ஆலை மேல் ஒன்றுமில்லை. விலை வேறுபாட்டை 1,29,000 சாதகம் என்று காட்டுவதே தப்பு. அதை நீக்கிவிட வேண்டும்.

தட்டாஞ்சாவடி_மோல்டிங்

தம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு இப்போது அடுத்த பக்கம் சாய்கிறார். நிதானம்.

பண்ருட்டி_கணக்கு

ஆறு மூட்டை மிச்சம் இருந்தது, களத்தில் காய்ந்த பிறகு. நேற்று ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து நானும் சூப்பர்வைசர் அக்காவும் உட்கார்ந்து வெட்டினோம், கையெல்லாம் கொட்டை எண்ணெய் பட்டு எரிகிறது, கையுறை போட்டும். ஆறு கிலோவின் சராசரி 260 கிராம். குறைந்தது 251, அதிகம் 267. ஸ்டாண்டர்ட் போட்டபோது ஆடிட்டர் வெட்டிப் பார்த்த காகிதம் கோப்பில் இருந்தது, 268 என்று எழுதியிருக்கிறார்.

இதை எப்படிக் கணக்கில் போடுவது?

செலவுக்கணக்கு_புதுவை

கையுறை போட்டும் எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் அம்மா, கணக்கு ஓடிப்போகாது.

268-க்கு 260 என்றால் கொட்டையில் பருப்பு 3 சதவீதம் குறைவு. 5,000 கிலோ பருப்புக்குக் காய்ந்த கொட்டை 19,600 கிலோ போதும் என்பது ஸ்டாண்டர்ட். இந்தக் கொட்டையில் ஸ்டாண்டர்ட் மாதிரியே நன்றாக வேலை செய்தாலும் 20,203 கிலோ வேண்டும். போனது 20,425. ஆக 603 கிலோ கொட்டையால், 222 கிலோ மட்டும் ஆலையில். இவை காய்ந்த எடை. வாங்கும் எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 616-ம் 226-ம் வரும். ரூபாயில் 73,920-ம் 27,120-ம்.

இப்போது முழுப் படம். மலிவாக வாங்கியதில் 1,29,000 கிடைத்தது. அதே லோடு களத்தில் 78,960-ஐயும் பருப்புக் குறைவில் 73,920-ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து 1,52,880. பேரம் 23,880 நட்டத்தில்தான் முடிந்திருக்கிறது. உடைக்கிற பக்கம் 27,120. கூட்டிப் பாருங்கள், 51,000 வரும்.

சிதம்பரம் தம்பிக்கு: விலைச் சாதகத்தை நீக்க வேண்டியதில்லை. அது உண்மையிலேயே கிடைத்த பணம். அதன் பக்கத்திலேயே அதே லோடு எடுத்துக்கொண்டதையும் எழுதி, இரண்டையும் வாங்குகிறவர் பெயரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத் தொழிற்சாலைகளில் வாங்குகிற அதிகாரிக்கு விலைச் சாதகத்தை மட்டும் பார்த்து இன்சென்டிவ் கொடுத்து, ஒரு வருஷம் முழுக்கக் குப்பைச் சரக்கு இறங்கிய கதை எனக்குத் தெரியும்.

பண்ருட்டி_கணக்கு

ஐயா, அப்போ 27,120 உடைக்கிற ஆட்கள் கணக்குதானே? 1,80,000 இல்லை, 27,000-தான் என்று சொன்னால் முதலாளி ஊக்கத்தொகையில் அதை மட்டும் பிடிப்பார் என்று நினைக்கிறேன்.

செலவுக்கணக்கு_புதுவை

வேண்டாம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைத்தேன். அந்த 27,120 நேரடியாக அளந்த எண் இல்லை, எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சியது. நீங்கள் செய்த ஒவ்வொரு அளவுப் பிழையும் அங்கே போய்த்தான் உட்காரும்.

சோதித்துப் பாருங்கள். உங்கள் ஆறு மூட்டையில் 251-லிருந்து 267 வரை வந்தது என்றீர்கள். உண்மையான சராசரி 260 இல்லை, 264 என்று வைத்தால் ஆலைப் பக்கம் காய்ந்த எடையில் 222 கிலோ 528 ஆகிவிடும். 256 என்று வைத்தால் ஆலை ஸ்டாண்டர்டை விட 94 கிலோ மிச்சம் பிடித்திருக்கிறது என்று வரும்! நாலு கிராமில் குற்றவாளி பரிசு வாங்குகிறவராக மாறிவிடுகிறார். ஆறு கிலோவை வெட்டியதை வைத்து 269 மூட்டை லோடுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. அந்த 222 கிலோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

இருக்கிறதா என்று பார்க்க ஒரு நேர் வழி உண்டு. உடைத்த ஓட்டுக் குவியலில் ஒரு மூட்டையை எடுத்துத் தரையில் கொட்டிப் பொறுக்குங்கள். உடையாத கொட்டை எத்தனை, ஓட்டில் ஒட்டிய பருப்பு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஆலையில் தொலைந்திருந்தால் அங்கேதான் கிடக்கும்.

தட்டாஞ்சாவடி_மோல்டிங்

சாக்கு எடை கழித்தீர்களா? எங்களுக்கு வருவது பிளாஸ்டிக் மூட்டை, எடையே இருக்காது. உங்களுக்குச் சணல் சாக்கு. 269 சாக்கு என்றால் சும்மாவா. அதைக் கழித்தால் ஆலை மேல் இருக்கிற 226 கிலோவும் அப்படியே கரைந்துவிடும் போலிருக்கிறதே.

பண்ருட்டி_கணக்கு

அய்யோ, நல்ல கேள்வி. எடைமேடைச் சீட்டில் மூட்டைக்கு அரைக் கிலோ கழித்திருக்கிறார்கள். இப்போது ஒரு வெறும் சாக்கைத் தராசில் வைத்தேன், 950 கிராம். வித்தியாசம் 450 கிராம், 269-க்கு 121 கிலோ. 14,520 ரூபாய் சணலுக்கு!

செலவுக்கணக்கு_புதுவை

நல்ல கண். ஆனால் அந்த 121 கிலோ ஆலைப் பக்கம் கரையாது. கொதிகலனுக்கு ஏற்றும்போது சாக்கு இல்லாமல்தானே நிறுக்கிறார்கள்? அப்படியானால் சாக்கு எடை முழுக்க எடைமேடைக்கும் கொதிகலனுக்கும் நடுவில் இருக்கும் அந்த 658 கிலோவுக்குள் இருக்கிறது. 658-ல் 121 சாக்கு, மிச்சம் 537 ஈரம். உடைக்கிற பக்கம் ஒரு கிராம்கூட மாறாது. எந்தத் தராசுக்கு முன்னால் பிழை நடந்தது என்று பார்த்தால்தான் எந்தப் பெட்டியில் அது விழும் என்று தெரியும்.

கொட்டை_மண்டி

537-ம் ஈரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொதிகலனுக்குப் போகும்போது 8 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் இறங்கும்போது 12-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். 12 சதவீதக் கொட்டையைக் கையில் எடுத்துக் குலுக்கினாலே தெரியும், சத்தமே வராது. உங்கள் முதலாளி அவ்வளவு தெரியாதவர் இல்லை. களத்தில் மூன்று நாள் கிடந்தது என்றீர்களே, ராத்திரி யார் காவல்?

செலவுக்கணக்கு_புதுவை

இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. இறங்கும்போது 11 சதவீதம்தான் இருந்தது என்றால், சாக்கு போக 21,379 கிலோ காய்ந்து 8-க்கு வரும்போது சுமார் 20,680 கிலோ இருக்க வேண்டும். நோட்டில் 20,425. 250 கிலோ போல, மூன்று மூட்டை, கணக்கில் வரவில்லை. 12-க்கு மேல் இருந்தால் எல்லாம் தண்ணீர், யார் மேலும் குற்றமில்லை. இரண்டில் எது என்று சொல்ல இறக்கியபோது எடுத்த ஈர அளவு வேண்டும். அது எடுக்கப்படவில்லை. போன மாதத்துக்கு இந்தக் கேள்வி இப்படியே நிற்கும்.

சிதம்பரம்_இண்டர்

அப்போ முதலாளி திருட்டு என்று சொன்னது பாதி சரியாகவும் இருக்கலாமா? ஆனால் இடம் வேறு, உடைக்கிற இடம் இல்லை, களம்.

செலவுக்கணக்கு_புதுவை

இருக்கலாம் தம்பி. அதைக் கணக்கு சொல்லாது, எந்த வாசலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும்.

பண்ருட்டி_கணக்கு

இன்று இரண்டு செய்தி. ஓட்டுக் குவியலில் இரண்டு மூட்டை கொட்டிப் பொறுக்கினோம். உடையாத கொட்டை நினைத்ததைவிட அதிகம், அதுவும் பெரும்பாலும் சின்னக் கொட்டை. மிஷின் அண்ணன் சொல்கிறார், இந்த லோடில் சின்னதும் பெரியதும் கலந்து வந்தது, சல்லடையில் சரியாகப் பிரியவில்லை, கத்தி இடைவெளியைப் பெரிய கொட்டைக்கு வைத்தால் சின்னது தப்பித்துவிடும், சின்னதுக்கு வைத்தால் பெரியதன் பருப்பு நசுங்கும் என்று.

இரண்டாவது, இதைக் கேட்டதும் தரம் பிரிக்கும் நோட்டைப் பார்த்தேன். வழக்கமாக முழுப்பருப்பு 70 சதவீதம் வரும். போன மாதம் 64. இது எந்த வேறுபாட்டிலும் வரவில்லையே?

செலவுக்கணக்கு_புதுவை

வராது. உங்கள் ஸ்டாண்டர்ட் ஒரு கிலோ பருப்பு என்கிறது, முழுசா உடைசலா என்று கேட்கவில்லை. இரண்டாகப் பிளந்த பருப்பும் தராசில் அதே எடைதான். 6 சதவீதம் என்றால் 300 கிலோ முழுப்பருப்பு உடைசலுக்கு இறங்கியிருக்கிறது. விலை வித்தியாசம் எவ்வளவு?

பண்ருட்டி_கணக்கு

இப்போது எங்களுக்குக் கிடைப்பதில் கிலோவுக்கு 100 ரூபாய் போல.

செலவுக்கணக்கு_புதுவை

30,000 ரூபாய். ஆலைப் பக்கம் சந்தேகப்பட்ட 27,120-ஐ விடப் பெரிது, ஆனால் விற்பனையில்தான் தெரியும், பொருள் கணக்கில் எங்கும் தெரியாது. பருப்பின் கிலோவை மட்டும் வைத்து ஆட்களை அளந்தால், எடை குறையாமல் உடைத்துத் தள்ளினாலும் நல்ல பெயர்தான் கிடைக்கும். இதற்குத் தனியாக முழுப்பருப்புச் சதவீதம் ஒன்றை ஸ்டாண்டர்டாக வையுங்கள்.

ஆனால் இதையும் ஆட்கள் தலையில் போட அவசரப்பட வேண்டாம். மிஷின்காரர் சொல்வது உண்மையென்றால் கலப்புக் கொட்டைதான் காரணம், அதாவது மறுபடியும் அதே லோடு. வேகவைத்த நேரம் சரியில்லாமலும் உடையலாம். இரண்டில் எது என்று எனக்கு இங்கே உட்கார்ந்து தெரியாது.

கொட்டை_மண்டி

எனக்கு ஒரு வருத்தம். 4 கிலோவுக்கு ஒரு கிலோ, 268 கிராம் என்பது நம்ம ஊர்க் கோடைக் கொட்டையை வைத்துப் போட்டது மாதிரி இருக்கிறது. ஆப்பிரிக்கக் கொட்டை ஓடுகிற மாதத்தில் அதே அளவுகோலை வைத்தால் எப்போதும் சிவப்புதான் காட்டும்.

சிதம்பரம்_இண்டர்

அப்படியென்றால் ஸ்டாண்டர்டை ஒவ்வொரு மாதமும் மாற்றிக்கொள்ளலாமே.

செலவுக்கணக்கு_புதுவை

ஒவ்வொரு மாதமும் மாற்றினால் எதோடு ஒப்பிடுவது? உள்ளூர்க் கொட்டைக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டாண்டர்ட் வைக்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம். லோடைப் பார்த்துவிட்டு ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் மட்டும் வரக்கூடாது.

கொட்டை_மண்டி

வருஷத்துக்கு ஒருமுறை என்றால் தை மாதம் போட்டதை ஐப்பசியில் வைத்து அடிப்பீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, இருக்கட்டும்.

பண்ருட்டி_கணக்கு

முதலாளியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். வாங்கிய லோடு என்று ஒரு பகுதி, ஆலை என்று ஒரு பகுதி, களத்தில் தெரியாதது என்று ஒரு பகுதி. முதல் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், லாரி வாடகையை ஏன் இத்தனை நாள் தனியாக எழுதினாய் என்று என் மேல் பாய்ந்தார், அது நியாயம்தான். சூப்பர்வைசரை மாற்றும் பேச்சு நின்றுவிட்டது. ஊக்கத்தொகையில் பாதி கொடுக்கச் சொல்லியிருக்கிறார், மீதி பற்றி அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். உடைக்கிற அக்காக்களுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. களத்துக்கு ராத்திரிக் காவல் போட ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அடுத்த லோடு. வாசலிலேயே ஈரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மானி எங்களிடம் இல்லை. மண்டி அண்ணா, ஒரு நாளைக்கு இரவல் தருவீர்களா?

தட்டாஞ்சாவடி_மோல்டிங்

ஐயா, இதை முடித்ததும் என் கணக்கு ஒன்று இருக்கிறது. மூடியில் வெட்டுகிற ரன்னரை அரைத்து மறுபடி போடுகிறோம், அதை ஸ்டாண்டர்டில் என்ன விலையில் எழுதுவது?

செலவுக்கணக்கு_புதுவை

தனி இழை போடுங்கள். நூறு கிலோ குருணையில் எத்தனை கிலோ அரைத்தது கலக்கிறீர்கள் என்று எடை போட்டு எழுதுங்கள், தோராயமாக வேண்டாம்.

கொட்டை_மண்டி

மானி தருகிறேன் தங்கச்சி, புதன்கிழமை சாயங்காலம் பையனை அனுப்பு. லாரியின் ஓர மூட்டையில் குத்தாதே, அது வழியில் காற்றுப் பட்டுக் காய்ந்திருக்கும். நடுவில் அடுக்கிய மூட்டையை இறக்கச் சொல்லி அதில் குத்து. டிரைவர் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும்.